"ஏழு வேலை நாள் பொறுங்கள்" என்று இனிச் சொல்லாதீர்கள்: வங்கிக் கிளைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கிளை மேலாளர்களுக்கும் வாடிக்கையாளர் கவுன்ட்டரில் பணிபுரியும் நண்பர்களுக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருவனாக இருந்தவன்தான். ஓய்வு பெறும் முன் பதினோரு ஆண்டுகள் ஒரு வங்கியின் ஏ.டி.எம். கணக்குச் சரிபார்ப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். பணம் வெளியே வராமல் கணக்கில் மட்டும் கழிந்துபோன புகார்கள்தான் என் மேசைக்கு நாள்தோறும் வந்தன. அந்த மேசையைவிட்டு எழுந்த பிறகும் அதே புகார் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. அதனால்தான் இந்த மடல்.

எங்கள் தெருவில் தையல் கடை நடத்தும் பெண்மணி ஒருவர் கடந்த மாதம் 7ஆம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ள ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் எடுக்கப் போனார். இயந்திரம் இன்னொரு வங்கியுடையது. அட்டையைச் செருகி, ரகசிய எண்ணைத் தட்டினார். உள்ளே நோட்டு எண்ணும் ஓசை கேட்டது. பிறகு ஓசை நின்றது, திரையில் சேவை வழங்க இயலவில்லை என்ற வரி வந்தது, அட்டை வெளியே வந்தது, பணம் வரவில்லை. ரசீதும் வரவில்லை. கைப்பேசியில் மட்டும் 10,000 ரூபாய் கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதற்காக அவர் சேர்த்து வைத்திருந்த பணம் அது.

மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, அதற்கடுத்த நாள் ஞாயிறு. 10ஆம் தேதி திங்கட்கிழமை காலையில் கடையைப் பூட்டிவிட்டுத் தன் வங்கிக் கிளைக்குப் போனார். கவுன்ட்டரில் இருந்தவர் கனிவாகத்தான் பேசியிருக்கிறார். "இதெல்லாம் தானாகவே திரும்பி வந்துவிடும் அம்மா. ஏழு வேலை நாள் பொறுங்கள். வராவிட்டால் அப்புறம் வந்து புகார் எழுதிக் கொடுங்கள். அவசரம் என்றால் அந்த இயந்திரத்துக்குரிய வங்கியில் போய்க் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இந்தப் பதிலில் மூன்று பிழைகள் இருக்கின்றன. மூன்றுமே வாடிக்கையாளரின் பையிலிருந்து பணம் எடுப்பவை. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். யாரோ தமக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் திருப்பிச் சொன்னார். அதனால் தனியொருவரைக் குறை கூறாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பணம் எங்கே போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கவுன்ட்டரில் இருக்கும் இளையவர்கள் பலருக்கு இதை யாரும் விளக்கியதில்லை. வேறு வங்கியின் இயந்திரத்தில் அட்டையைச் செருகியதும், வங்கிகளின் ஏ.டி.எம்.களை ஒன்றோடொன்று இணைக்க என்.பி.சி.ஐ. நடத்தும் தேசிய ஸ்விட்ச் வழியாகக் கோரிக்கை அட்டை வழங்கிய வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி இருப்பைப் பார்த்து, தொகையைக் கழித்துவிட்டு, 'கொடுக்கலாம்' என்று பதில் அனுப்புகிறது. அதற்குப் பிறகுதான் இயந்திரம் நோட்டை எண்ணத் தொடங்குகிறது. அதாவது கணக்கில் கழிவது முதலில், பணம் வெளியே வருவது பின்னால். இடையில் நோட்டு சிக்கினாலோ மின்சாரம் போனாலோ, 'கொடுக்கவில்லை, திருப்பி வரவு வையுங்கள்' என்று இயந்திரம் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். "தானாகவே வந்துவிடும்" என்ற நம்பிக்கையும் இதிலிருந்து பிறந்ததுதான்.

சிக்கல், அந்தச் செய்தியே போய்ச் சேராதபோது வருகிறது. இணைப்பு அறுந்த அதே நொடியில் நோட்டும் சிக்கியிருந்தால், அட்டை வழங்கிய வங்கியின் கண்ணுக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்ததாகவே தெரியும். அதன்பின் உண்மை தெரிய ஒரே வழி, இயந்திரத்தைத் திறந்து பணத்தை எண்ணிப் பார்ப்பதுதான். தையல்காரப் பெண்மணி போன இயந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 8,00,000 ரூபாய் நிரப்பியிருந்தார்கள் என்றும், ஸ்விட்ச் கணக்குப்படி 5,60,000 ரூபாய் கொடுக்கப்பட்டது என்றும் வைத்துக்கொள்வோம். மீதி 2,40,000 இருக்க வேண்டும். பணம் நிரப்ப வந்தவர்கள் கேசட்டுகளிலும், சிக்கிய நோட்டுகள் விழும் ரிஜெக்ட் பெட்டியிலும் உள்ளதைச் சேர்த்து எண்ணும்போது 2,50,000 இருக்கிறது. அந்தக் கூடுதல் பத்தாயிரம், இருபது ஐந்நூறு ரூபாய் நோட்டுகள், அந்தப் பெண்மணியுடையவை. இயந்திரத்தின் மின்னணுப் பதிவேட்டில் அந்த நேரத்துக்குரிய வரியைப் பார்த்தால், எண்ணத் தொடங்கியதும் பிழைக் குறியீட்டோடு நின்றதும் பதிவாகியிருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்து, அந்த வங்கி தொகையை ஸ்விட்ச் வழியாகத் திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் வங்கி அது கிடைத்த அன்றே வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைக்க வேண்டும்.

இதற்கு எத்தனை நாள் என்பதுதான் முதல் பிழை.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அது அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, கணக்கில் கழிந்து பணம் வராத ஏ.டி.எம். பரிவர்த்தனையை, நடந்த நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் வங்கி தானாகவே சரிசெய்ய வேண்டும். அந்த ஐந்து நாட்கள் நாட்காட்டி நாட்கள். இரண்டாவது சனியும் ஞாயிறும் கணக்கில் சேரும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். இணைப்புக் கோளாறு, இயந்திரத்தில் பணம் தீர்ந்துபோனது என்பன போன்ற வாடிக்கையாளர் காரணமில்லாத தோல்விகள் எல்லாம் இதில் அடங்கும். பிழை எந்த வங்கியின் பக்கம் என்பது உங்களுக்குள் நீங்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

'ஏழு வேலை நாள்' என்பது எங்கிருந்து வந்தது? 2011இல் இருந்த விதி அது. அதற்கு முன் 12 வேலை நாட்களாக இருந்ததை, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் 7 வேலை நாட்களாகக் குறைத்தார்கள். அதுவும் புகார் கிடைத்த நாளிலிருந்து எண்ணப்பட்டது. இழப்பீடு வேண்டுமென்றால் 30 நாட்களுக்குள் வாடிக்கையாளர் கோர வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. நான் பிரிவில் சேர்ந்தபோது மனப்பாடமாகச் சொன்ன விதி அதுதான். 2019இல் எல்லாமே மாறிவிட்டன: வேலை நாள் நாட்காட்டி நாளானது, எண்ணத் தொடங்கும் நாள் புகார் நாளிலிருந்து பரிவர்த்தனை நாளுக்கு நகர்ந்தது, கோரிக்கை தேவையில்லை என்றானது. ஆனால் கவுன்ட்டர்களில் பழைய பதில் மட்டும் கைமாறிக் கைமாறி இன்றுவரை வாழ்கிறது.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 7ஆம் தேதி நடந்த பரிவர்த்தனைக்கு விதிப்படி கடைசி நாள் 12ஆம் தேதி புதன்கிழமை. உங்கள் கவுன்ட்டர் சொன்னபடி 10ஆம் தேதியிலிருந்து ஏழு வேலை நாள் எண்ணினால் 18ஆம் தேதி. அந்த ஆறு நாள் இடைவெளி முழுவதும் வங்கி ஏற்கெனவே விதியை மீறிக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளரோ, இன்னும் பொறுக்க வேண்டியது தம் கடமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது பிழை இதைவிடக் கனமானது. "வராவிட்டால் அப்புறம் வந்து புகார் எழுதிக் கொடுங்கள்" என்பது.

இந்த விஷயத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஐந்து நாள் கடிகாரம் யாரும் தொடாமலே, பரிவர்த்தனை நடந்த அன்றே ஓடத் தொடங்கிவிடும். மற்றொன்று ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவதற்கான முப்பது நாள் கடிகாரம். வாடிக்கையாளர் முதலில் தம் வங்கியிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்க வேண்டும். அதற்கு 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் புகாரை நிராகரித்தாலோதான் குறைதீர்ப்பாளர் அதைக் கையில் எடுப்பார். எழுத்துப் புகார் இல்லாமல் அந்தக் கடிகாரம் அசையவே அசையாது. "அப்புறம் வாருங்கள்" என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு நாளும், அவருக்குத் தெரியாமலே அந்தக் கதவு ஒரு நாள் தள்ளிப் போகிறது.

எப்போது புகார் செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால், என் பதில் இது: அன்றைக்கே, அல்லது மறுநாள். ஐந்து நாள் வங்கிக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம். அதுவரை வாடிக்கையாளர் வாய் திறக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. சில நிமிடங்களில் பணம் திரும்பிவிட்டால் புகார் தானாக முடிந்துபோகும், யாருக்கும் நட்டமில்லை. மறுநாளும் திரும்பவில்லை என்றால், திரும்ப வேண்டிய செய்தி வழியில் தொலைந்திருக்கலாம். அப்போது ஒரு மனிதர் பதிவேட்டைப் புரட்டினால்தான் வேலை நடக்கும். அந்த மனிதரை அங்கே உட்கார வைப்பது பெரும்பாலும் ஒரு புகார்தான். பதினோரு ஆண்டுகள் நான் கண்ணால் பார்த்தது இது.

தொலைபேசியில் சொல்லி ஒரு புகார் எண் வாங்குவது நல்லது. ஆனால் பின்னால் காட்டுவதற்கு எழுத்து வேண்டும். மின்னஞ்சல், வங்கியின் இணையதளப் புகார்ப் படிவம், கிளையில் கொடுத்து முத்திரை பெற்ற கடிதத்தின் நகல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். தையல்காரப் பெண்மணி 17ஆம் தேதி என்னிடம் வந்தபோது நாங்கள் எழுதியது நான்கு வரிதான். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், தேதியும் நேரமும், இயந்திரம் இருந்த இடம், குறுஞ்செய்தியில் இருந்த பரிவர்த்தனை எண். கீழே ஒரு வாக்கியம்: "10,000 ரூபாய் கழிக்கப்பட்டது, பணம் எனக்குக் கிடைக்கவில்லை, தொகையையும், 12ஆம் தேதிக்குப் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீட்டையும் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்." ரசீது இல்லையே என்று அவர் கலங்கினார். ரசீது இல்லாவிட்டால் பரவாயில்லை. கணக்கில் கழிந்த பதிவே போதும். இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் ஏ.டி.எம். எண்ணைக் குறித்துக்கொண்டால் தேடுவது எளிதாகும், அவ்வளவுதான்.

மூன்றாவது பிழை, "இயந்திரத்துக்குரிய வங்கியில் கேளுங்கள்" என்பது. அந்த வங்கிக்கு இவர் வாடிக்கையாளரே அல்ல. இவருடைய புகாரை வாங்க வேண்டியது அட்டை வழங்கிய வங்கிதான். இயந்திரம் வேறு வங்கியுடையதாக இருந்தாலும், வங்கியல்லாத நிறுவனம் நடத்தும் வெள்ளை முத்திரை ஏ.டி.எம்.மாக இருந்தாலும் இதுவே முறை. இரு வங்கிகளுக்கு இடையிலான தகராறு ஸ்விட்சின் தீர்வு முறை வழியாக மட்டுமே போக வேண்டும் என்பதும் பழைய விதிதான். அந்த வழியில் கோரிக்கை எழுப்பும் வசதி உங்களிடம் இருக்கிறது. பேருந்து ஏறி இரண்டு கிளைகளுக்கும் அலையும் பெண்ணிடம் அது இல்லை.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஒரு பதிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'பரிவர்த்தனை வெற்றி' என்று ஒரு வரியில் வரும் நிராகரிப்பு. புகார் கொடுத்தவருக்கு இந்த வரி வந்துவிட்டால் அவர் பொய் சொன்னவராகிவிடுகிறார். ஆனால் மேலே சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள். 'வெற்றி' என்று ஸ்விட்ச் காட்டுவது, அனுமதி கொடுக்கப்பட்டதையும் எதிர்ச் செய்தி வராததையும்தான். நோட்டு கைக்குப் போனதற்கு அது சாட்சி ஆகாது. இப்படி நிராகரிக்கும் முன் இயந்திரத்தின் மின்னணுப் பதிவேட்டையும் பணச் சரிபார்ப்பு அறிக்கையையும் மற்ற வங்கியிடம் கேட்டு வாங்கிப் பார்த்தீர்களா?

ஒரு வகையில் அந்த இரண்டும்கூடப் போதாது. நோட்டு வெளிவரும் வாயில் திருடர்கள் பொய்யான தகடோ பசையோ வைத்திருந்தால், இயந்திரம் ஒழுங்காக எண்ணி வெளியே தள்ளிவிடும், வாடிக்கையாளர் கைக்கு மட்டும் வராது. அவர் போன பிறகு திருடன் வந்து எடுத்துக்கொள்வான். அப்போது பதிவேடு சுத்தமாக இருக்கும், கூடுதல் பணமும் இருக்காது. கண்காணிப்புக் கேமராப் பதிவு ஒன்றுதான் உண்மையைச் சொல்லும். அந்தப் பதிவு என்றென்றைக்கும் வைத்திருக்கப்படுவதில்லை. புகாரைத் தள்ளிப் போடும்போது அந்தச் சாட்சியும் அழிந்துபோகும் அபாயம் இருக்கிறது. எண்ணும் ஓசை முழுதாகக் கேட்டும் பணம் வராவிட்டால், அந்த இடத்தை விட்டுப் போகாமல் வாயிலை நன்றாகப் பார்த்து, அங்கிருந்தே வங்கியை அழைக்குமாறு வருகிறவர்களிடம் சொல்லுங்கள்.

அந்தப் பெண்மணியின் 10,000 ரூபாய் 21ஆம் தேதி வந்து சேர்ந்தது. கடிதம் கொடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் வந்தது பத்தாயிரம் மட்டுமே. 13ஆம் தேதி முதல் 21ஆம் தேதி வரை ஒன்பது நாள் தாமதம், 900 ரூபாய் இழப்பீடு சேர வேண்டும். கிளையில் கேட்டதற்கு, "அதற்குத் தனியாக விண்ணப்பித்தீர்களா?" என்று கேட்டார்கள். கடிதத்திலேயே கேட்டிருந்தோம். கேட்காமல் இருந்திருந்தாலும் கொடுத்திருக்க வேண்டும். புகாருக்கோ கோரிக்கைக்கோ காத்திராமல் வங்கி தானே வரவு வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. இரண்டாவது கடிதம் கொடுத்த பிறகுதான் அந்த 900 ரூபாய் வந்தது. தையல் கடையை அவர் மூன்று அரை நாட்கள் பூட்டியிருந்தார். அவருக்கு அது சிறிய தொகை அல்ல. அத்தோடு, தொழில்நுட்பக் கோளாறால் தோற்ற பரிவர்த்தனை மாதாந்திர இலவசக் கணக்கில் சேரக் கூடாது என்பதும் 2019 ஆகஸ்டிலிருந்து விதி. அவருடைய கணக்கில் அதையும் சேர்த்துத்தான் எண்ணியிருந்தார்கள்.

நீங்கள் திருப்பி அனுப்பும் வாடிக்கையாளர்கள் அடுத்து என்ன செய்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குப் போய், வங்கியின் உதவி எண்ணைக் கைப்பேசியில் தேடுகிறார்கள். தேடலில் முதலில் வரும் எண் மோசடிக்காரனுடையதாக இருக்கக்கூடும். "பணத்தைத் திருப்பி அனுப்ப ஒரு கடவு எண் வந்திருக்கும், சொல்லுங்கள்" என்று அவன் கேட்கிறான். பணம் எப்போது வரும் என்று தவித்துக்கொண்டிருப்பவர் சொல்லிவிடுகிறார். திருப்பி வரவு வைப்பதற்கு வாடிக்கையாளரிடமிருந்து ஓ.டி.பி.யோ ரகசிய எண்ணோ எதுவுமே தேவையில்லை என்பதையும், அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் அழைக்க வேண்டும் என்பதையும் கவுன்ட்டரில் ஒரு நிமிடம் சொன்னால் போதும்.

நான் உங்களிடம் கேட்பது இவைதான். பணம் வரவில்லை என்று ஒருவர் வந்தால், அவர் நாற்காலியிலிருந்து எழும் முன் புகாரைப் பதிவு செய்து எண்ணை எழுதிக் கையில் கொடுங்கள். அந்தத் தாளிலேயே ஐந்தாவது நாளின் தேதியையும் எழுதுங்கள், எண்ணிப் பார்க்கும் வேலை அவருக்கு வேண்டாம். அந்தத் தேதி கடந்து வரவு வைக்கும்போது இழப்பீட்டையும் அதே நாளில் சேர்த்து வையுங்கள். முப்பது நாள் ஆகியும் தீராவிட்டால் `cms.rbi.org.in` தளத்தில் கட்டணமில்லாமல் முறையிடலாம், விளக்கம் வேண்டுமென்றால் 14448 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்கள் ஊர்க் கிளையின் சுவரில், ஏ.டி.எம். புகார்களுக்கு ஏழு வேலை நாள் என்று எழுதிய பலகை இன்னும் தொங்குகிறது. நேற்றும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் கிளையிலும் அப்படி ஒன்று இருந்தால் இந்த வாரமே கழற்றிவிட்டு, '5 நாள், ஞாயிறும் சேர்த்து. அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய்' என்று எழுதி மாட்டுங்கள்.

இப்படிக்கு,
ஏ.டி.எம். கணக்குச் சரிபார்ப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர்